கோடிட்ட இடமா, முழு எழுத்தா? பாட்காஸ்ட் கேட்டுக் காதைப் பழக்கும் இரண்டு வழிகள்

புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு மதுரைக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு 'வந்துகொண்டிருக்கிறேன்' தெரியும். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனில் 'வந்துட்ருக்கேன்' என்றால் புரியாது. ஆங்கிலத்தை எழுத்தில் கற்ற நமக்கும் அதே சிக்கல்தான். 'குட் ஹேவ் டோல்ட் ஹிம்' என்று தாளில் இருந்தால் உடனே புரிகிறது. பேச்சிலோ அது 'குடவ் டோல்டிம்' என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. பிளேயரில் வேகத்தை 0.75 ஆகக் குறைத்தாலும் விழுங்கப்பட்ட 'ஹ' திரும்பி வராது. அதே 'குடவ்' கொஞ்சம் இழுத்து ஒலிக்கும், அவ்வளவுதான். ஆகவே வேகத்தைத் தொடாமல் பழகுவதுதான் சரி. எப்படிப் பழகுவது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு: கோடிட்ட இடம் நிரப்புகிறவர்கள், கேட்டதை முழுக்க எழுதுகிறவர்கள்.

இரண்டையும் பிபிசியின் '6 மினிட் இங்கிலிஷ்' பாட்காஸ்ட்டை வைத்துப் பார்க்கிறேன். எழுத்து வடிவம் இலவசமாகக் கிடைக்கிறது, நீளமும் அளவானது.

எந்த வழியானாலும் கேட்பதற்கு முன் மூன்று நிமிடம் தயாரிப்பு வேண்டும். தலைப்பைப் பார்த்து, என்னென்ன வார்த்தைகள் வரக்கூடும் என்று ஐந்தாறு எழுதிக்கொள்ளலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எழுத்து வடிவத்தை முன்கூட்டியே படித்தால், பிறகு கேட்பது வெறும் ஞாபகப் பயிற்சி. இந்த நிகழ்ச்சியில் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி போட்டு, விடையைக் கடைசியில் சொல்வார்கள். முதல் தடவை கேட்க அந்தப் பிடி போதும்.

கோடிட்ட இடத்தின் பெரிய வசதி நேரம். பத்து நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஆனால் எழுத்து வடிவத்தில் எந்த வார்த்தையை அழித்துக் கோடு போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் 'காலநிலை', 'ஆராய்ச்சி' மாதிரிக் கனமான சொற்களுக்கான ஆங்கில வார்த்தைகளை அழிக்கிறார்கள். பேசுகிறவர் அவற்றைத்தான் அழுத்திச் சொல்கிறார், காது அவற்றை எப்படியும் பிடித்துவிடும். நழுவுவது ஹேவ், ஆஃப், டு, தெம், கேன் போன்ற பொடிச் சொற்கள். அவற்றை அழியுங்கள். அழித்த பிறகு ஒரு சோதனை: ஆடியோவைப் போடாமலே நிரப்பிப் பாருங்கள். இலக்கணத்தை வைத்தே நிரம்பிவிடும் இடங்களால் காதுக்கு வேலை இல்லை, எடுத்துவிடலாம். இரண்டு இடங்களுக்கு நடுவே எட்டுப் பத்து நொடி இடைவெளியும் வேண்டும்; இல்லாவிட்டால் ஒன்றை எழுதும்போது அடுத்தது ஓடிவிடும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு குறை நிற்கிறது. தாளில் வாக்கியம் இருப்பதால் கண் முந்திக்கொள்கிறது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை அச்சே சொல்லிவிடுகிறது. நமக்குப் பிரச்சினையே அங்கேதானே.

முழுக்க எழுதும்போது அந்த உதவி கிடையாது. அதனால்தான் அது வலிக்கிறது. ஆறு நிமிடத்தையும் எழுத உட்காராதீர்கள். நாற்பது நொடி எடுத்தாலே ஏறத்தாழ நூறு வார்த்தை வரும், அரை மணி நேரம் பிடிக்கும். பேசுகிறவர் மூச்சு விடும் இடத்தில் நிறுத்தி எழுதுங்கள். ஒரு துண்டை ஐந்து தடவைக்கு மேல் கேட்க வேண்டாம். பிடிபடாததைத் தமிழ் எழுத்தில் கேட்டபடியே போட்டுவிடுங்கள். என் பழைய நோட்டில் 'ஐ குட டோல்டிம்' என்று ஒரு வரி இருக்கிறது. எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டபோது சிரிப்பு வந்தது: ஒவ்வொரு வார்த்தையும் எட்டாம் வகுப்பிலேயே தெரிந்தது.

தவறுகளைத் திருத்தும்போது இரண்டாகப் பிரிக்க வேண்டும். தெரியாத வார்த்தையா, தெரிந்தும் காதில் விழாததா? முதல் வகைக்கு அகராதி போதும். இரண்டாவதுதான் பயிற்சிக்கான சரக்கு: அந்தத் துண்டை மட்டும் எழுத்தைப் பார்த்தபடி மூன்று தடவை, பார்க்காமல் மூன்று தடவை கேட்கலாம். முதல் வகையே பக்கத்தை நிறைத்தால் நிகழ்ச்சி உங்கள் மட்டத்துக்கு மேலே இருக்கிறது; எளிதான ஒன்றுக்கு மாறுங்கள்.

என் ஓட்டு முழு எழுத்துக்கே, ஆனால் வாரம் இரண்டு நாள்தான். தினமும் செய்தால் பத்தாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும். மற்ற நாட்களில், எழுதும்போது மாட்டிக்கொண்ட அதே பொடிச் சொற்களை வேறொரு நிகழ்ச்சியின் எழுத்து வடிவத்தில் அழித்துக் கோடிட்ட இடமாக்கிக்கொள்கிறேன். அப்போது அந்த எளிய வழிக்கும் பல் முளைக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிபிசி தன் எழுத்து வடிவத்திலேயே, இது சொல்லுக்குச் சொல் அப்படியே இல்லை என்று குறிப்பு போடுகிறது. நீங்கள் எழுதியதும் அவர்கள் எழுதியதும் வேறுபட்டால், சிவப்புப் பேனாவை எடுக்கும் முன் இன்னொரு தடவை கேளுங்கள்; சில சமயம் உங்கள் காதுதான் சரியாக இருக்கும்.