எட்டு மெஷின் தையல் கூடம்: மூன்று வருட லாப நஷ்டக் கணக்கில் எது தேறுகிறது?

கடனுக்கு விண்ணப்பித்தபோது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஈரோட்டுப் பக்கம் பலரும் செய்வதுபோல வருடம் முழுவதும் நைட்டிக்கு ஜாப் ஒர்க் எடுப்பது, அதாவது கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. மற்றொன்று, பள்ளிச் சீருடையைச் சொந்தத் துணியில் தைத்துக் கொடுத்து, சீசன் இல்லாத மாதங்களில் ஜாப் ஒர்க் ஓட்டுவது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலீடு இரண்டுக்கும் ஒன்றே. ஆறு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ஒரு காஜா மெஷின், கட்டிங் டேபிள், அயர்ன், வயரிங் எல்லாம் சேர்த்து 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதே தொகைக்கு ஐந்து வருடக் கடன், வட்டி 11 சதவீதம். வாடகை, மின்சாரம், செக்கிங் செய்யும் உதவியாள், மெக்கானிக், வண்டி, கணக்குச் செலவு எல்லாம் முதல் வருடம் 3.36 லட்சம். அடுத்த வருடங்களில் 3.60, 3.85 லட்சம். மெஷின் தேய்மானம், வருடா வருடம் குறைந்து நிற்கும் மதிப்பின் மேல் 15 சதவீதம். இவற்றில் பெரிய வாக்குவாதம் இல்லை.

வாக்குவாதம் மெஷின் ஓட்டத்தில்தான், அதாவது முழு அளவில் எத்தனை சதவீதம் வேலை நடக்கும் என்பதில்தான் இருக்கிறது.

திட்ட அறிக்கை எழுதித் தருபவர்கள் முதல் வருடம் இத்தனை சதவீதம், பிறகு இத்தனை என்று ஒரு எண்ணைப் போட்டுவிடுவார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் லாபம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. ஒரு டெய்லர் நாளைக்கு 30 நைட்டி தைத்தால், ஆறு பேர், மாதம் 26 நாள் என்ற கணக்கில் வருடத்துக்கு 56,160 பீஸ் வரும். பீஸுக்கு 30 ரூபாய் கூலி வருகிறது; டெய்லருக்கு 16, நூலுக்கு 2 போக 12 ரூபாய் மிஞ்சுகிறது. இதில் ஓட்டம் ஐந்து சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ 2,808 பீஸ், அதாவது சுமார் 33,700 ரூபாய் மாறுகிறது. 65 சதவீத ஓட்டத்தில் வெறும் 2,000 ரூபாய் லாபம் காட்டும் கூடம், 90 சதவீதம் என்று எழுதினால் தாளில் 1.70 லட்சம் சம்பாதித்துவிடும்!

ஆகவே ஓட்டத்தை மாத வாரியாகத்தான் போட வேண்டும். தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் நன்றாக ஓடும். தீபாவளி முடிந்தால் ஊருக்குப் போனவர்கள் திரும்பவே நாளாகும். பொங்கலிலும் அதே கதை. இடையில் துணி வராமல் மெஷின் சும்மா நிற்கும் நாட்கள் உண்டு. கட்டிங் வந்து காஜாவுக்குப் பட்டன் வராத நாட்களும் உண்டு. பீஸ் ரேட் டெய்லர் அந்த நாட்களில் காத்திருக்க மாட்டார், பக்கத்துக் கூடத்துக்குப் போய்விடுவார். வேலை வந்தபின் ஆள் இல்லை என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. இவற்றையெல்லாம் கழித்துத்தான் ஜாப் ஒர்க்குக்கு முதல் வருடம் 65, பிறகு 75, 80 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். இரண்டாம் வருடம் டெய்லர் கூலி ஒரு ரூபாய் ஏறும். கம்பெனி ரேட் ஏறாது. மூன்றாம் வருடம் கூலி இன்னொரு ரூபாய் ஏறினால், ரேட் இரண்டு ரூபாய் ஏறும் என்று எடுத்துக்கொண்டேன்.

சீருடைக் கணக்கு வேறு மாதிரி. சட்டை, பேன்ட் சேர்ந்த செட் 600 ரூபாய். துணி 270, பட்டன், ஜிப், கான்வாஸ் முதலியவை 35, தையல் கூலி 120, கட்டிங், அயர்ன், பேக்கிங் 20. மிச்சம் 155. டெய்லர் நாளைக்கு நான்கு செட் தைத்தால் 480 ரூபாய் கிடைக்கும்; நைட்டியிலும் அதே 480தான். இதைச் சமமாக வைப்பது முக்கியம். சீருடையில் நாள் கூலி குறைந்தால் ஏப்ரல் மாதம், வேலை கொழிக்கும் நேரத்தில், ஆள் நழுவிவிடும்.

ஆறு டெய்லரின் ஒரு நாள் உழைப்பு நைட்டியில் 180 பீஸ், மிச்சம் 2,160 ரூபாய். சீருடையில் 24 செட், மிச்சம் 3,720 ரூபாய். அதே மெஷின், அதே ஆள், அதே நாள். என் முடிவு இந்த ஒரு ஒப்பீட்டில்தான் நின்றது. ஓட்டத்தை நம்மால் ஓரளவுக்குமேல் கூட்ட முடியாது. ஓடுகிற நாளின் மதிப்பைக் கூட்ட முடியும்.

ஆனால் சீசனில் நாம் கைவிட்ட கம்பெனி, ஆகஸ்டில் நமக்காகத் துணியை எடுத்து வைத்திருக்காது. எனவே மீதி மாதங்களின் ஜாப் ஒர்க் ஓட்டத்தை முதல் வருடம் 50, பிறகு 55 சதவீதமாகக் குறைத்தேன். சீருடை 1,500, 2,200, 3,000 செட் என்று ஏறுகிறது. செட் விலை வருடத்துக்கு 15 ரூபாய் ஏறினாலும் துணியும் கூலியும் அதை விழுங்கி, மிச்சம் 155 ஆகவே நிற்கும் என்று கொண்டேன். துணிக்குப் போடும் பணத்துக்கு நான்கு மாத வட்டியும், விற்காமல் தங்கும் அளவுகளுக்கு விற்பனையில் 2 சதவீதமும் கழித்திருக்கிறேன். இந்த 2 சதவீதம் சிறிய பள்ளிகளில் பார்த்ததை வைத்துப் போட்டது. ஆயிரக்கணக்கில் மாணவர் உள்ள பள்ளிக்கு இதே விகிதம் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது.

| நிகர லாபம் | ஜாப் ஒர்க் மட்டும் | சீருடை + ஜாப் ஒர்க் |
|---|---|---|
| முதல் வருடம் | 2,000 | 30,000 |
| இரண்டாம் வருடம் | 21,000 | 91,000 |
| மூன்றாம் வருடம் | 89,000 | 1,68,000 |

இந்த லாபத்தில் உரிமையாளரின் சம்பளம் கழியவில்லை. வீட்டுச் செலவுக்கு எடுப்பது இதிலிருந்துதான். முதல் வருடம் வேறு வருமானம் இல்லாத குடும்பத்துக்கு இரண்டு வழியுமே நெருக்கடிதான்.

கடன் அசலும் இந்தக் கணக்கில் வராது. வருடம் 80,000 ரூபாய் அசல் கட்ட வேண்டும். லாபத்தோடு, கையை விட்டுப் போகாத தேய்மானத்தைக் கூட்டிப் பார்த்தால் ஜாப் ஒர்க்கில் முதல் வருடம் 62,000, இரண்டாம் வருடம் 72,000. இரண்டு வருடமும் தவணைக்குப் போதாது. சீருடை வழியில் 90,000, 1,42,000. வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது இதைத்தான். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியம் கிடைத்தாலும் அதை வருமானமாக எழுதாதீர்கள். அது மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நின்று, பிறகு கடனில் சரிக்கட்டப்படும்.

ஜாப் ஒர்க் பக்கம் ஒரு நியாயம் உண்டு. துணிக்குப் பணம் போட வேண்டியதில்லை, விற்காத சரக்கு இல்லை. சீசனுக்கு முன் துணிக்குக் கடன் கிடைக்காத ஊரிலோ பள்ளிகளின் அறிமுகம் இல்லாத இடத்திலோ நானும் அதைத்தான் எடுத்திருப்பேன். அப்போது முதல் இரண்டு வருடத் தவணையில் விழும் துண்டைச் சொந்தக் கையிருப்பில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

அட்டவணையில் சேர்க்காத ஒன்று ஜிஎஸ்டி. பொருள் விற்பனை மட்டும் செய்தால் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. கூலி வேலையும் கலந்தால் வரம்பு 20 லட்சம். சீருடை வழியில் விற்றுமுதல் இரண்டாம் வருடக் கடைசியிலேயே 20 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனி அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ளும். பள்ளியோ பெற்றோரோ எடுக்க முடியாது. மூன்றாம் வருடச் செட் விலையான 630 ரூபாயை ஏற்றாமல் 5 சதவீத வரியை நாமே ஏற்றால், துணிக்குக் கட்டிய வரியை வரவு வைத்த பிறகும் செட்டுக்குச் சுமார் 17 ரூபாய் போகும். மூன்றாம் வருட லாபத்தில் 50,000 ரூபாய் குறைந்து 1.18 லட்சமாகும். அதனால் இரண்டாம் வருட ஒப்பந்தத்திலேயே ‘வரி தனி’ என்று எழுதிவிடுவது நல்லது.