ஸ்வேட் ஷூவுக்கும் கைப்பைக்கும் ஒரே ஸ்பிரே போதுமா?

தோலின் உட்பக்கத்தைத் தேய்த்து, நுண்ணிய இழைகளை எழுப்பிவிட்டால் கிடைப்பதுதான் ஸ்வேட். வழுவழுப்பான தோலுக்கு மேலே இருக்கும் பூச்சு இதற்குக் கிடையாது. தண்ணீரோ எண்ணெயோ பட்டால் நேராக இழைக்குள் இறங்கிவிடும். ஷூ பாலிஷ், தோல் கிரீம் எதையும் இதன்மேல் தடவக் கூடாது. இழைகள் ஒட்டிக்கொண்டு பளபளக்க ஆரம்பித்துவிடும்.

முதலில் பிரஷ். கடையில் பித்தளைக் கம்பி பிரஷ், கிரேப் ரப்பர் பிரஷ் இரண்டும் கிடைக்கும். கிரேப் என்பது லேசாகப் பிசுபிசுக்கும் இயற்கை ரப்பர். அது இழைகளுக்கு நடுவே இருக்கும் தூசியை இழுத்து எடுத்துவிடும், இழையை அறுக்காது. தினசரி வேலைக்கு இதுதான் என் தேர்வு. பித்தளைக் கம்பி, இழைகள் அழுந்திப் பளபளப்பாகிவிட்ட இடத்துக்கு மட்டும்: ஷூவின் மடிப்பு, குதிகால் ஓரம், பையின் மூலைகள். மென்மையான ஆட்டுத்தோல் பையில் அதை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மொட்டையாகிவிடும், போன இழை திரும்ப வராது. எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் ஸ்வேட் முழுக்கக் காய்ந்த பிறகே கையில் எடுங்கள். ஈரத்தில் தேய்த்தால் அழுக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது தண்ணீர்க்கறை. இங்கேதான் பலரும் தவறான வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மணல் நிற லோஃபரின் முன்பக்கத்தில் நாலு மழைத்துளி விழுந்து காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உற்றுப் பார்த்தால் கறை நடுவில் இல்லை, ஓரத்தில் கருப்பு வளையமாக இருக்கும். துளி பரவும்போது தோலில் இருந்த சாயத்தையும் தூசியையும் கரைத்துத் தன் விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கேயே விட்டுவிட்டுக் காய்ந்திருக்கிறது.

இதற்கு இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, ஸ்வேட்டுக்கான அழிரப்பரால் வளையத்தைத் தேய்ப்பது. வளையம் மங்கலாக இருந்தால் போய்விடும். அழுத்தமாக இருந்தால் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும். இன்னொன்று, அந்தப் பாகம் முழுவதையும் சமமாக நனைப்பது. கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் அழுத்தமான வளையத்துக்கு இதுதான் சரியான வழி. முதலில் பிரஷ் போட்டுத் தூசியை எடுத்துவிடுங்கள். சுத்தமான ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரு தையலில் தொடங்கி அடுத்த தையல்வரை எங்கும் விடுபடாமல் ஒற்றுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கே புது வளையம் வரும். உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள் (செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்). ஹேர் டிரையரும் வெயிலும் தோலை விறைப்பாக்கிவிடும். மறுநாள் தடவிப் பார்த்தால் சொரசொரப்பாக இருக்கும். அது இழைகள் ஒட்டிக்கொண்டதால் வருவது, கிரேப் பிரஷ் போட்டதும் எழுந்துகொள்ளும். அடர் நிறப் பைகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை: உள்மடிப்பில் ஈர வெள்ளைத்துணியை ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கினால் நனைக்கும் யோசனையை விட்டுவிட்டு, நிபுணரிடம் கொடுப்பதே மேல்.

இனி தலைப்பில் கேட்ட கேள்வி. ஸ்பிரேக்களில் ஃபுளோரின் சேர்மம் உள்ளவை தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துத் தள்ளும். ஃபுளோரின் இல்லாத மெழுகு, சிலிக்கோன் வகைகள் தண்ணீரை நன்றாகத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. ஷூவுக்கு முக்கிய எதிரி தண்ணீர் என்பதால் ஃபுளோரின் இல்லாததே தாராளமாகப் போதும். அதில் சிலிக்கோன் அதிகமாக இருந்தால் நிறம் அடர்ந்துபோகலாம், அதை மட்டும் கவனியுங்கள்.

பையின் கதை வேறு. பையில் முதலில் கறுப்பது கைப்பிடிதான், காரணம் உள்ளங்கை எண்ணெய். அதைத் தடுப்பதில் ஃபுளோரின் ஸ்பிரேதான் ஒரு படி மேலே. ஆனாலும் நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். இந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழிவதில்லை; பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் உடை, காலணி, அவற்றுக்கான நீர்த்தடுப்புப் பொருட்களில் இவற்றுக்குத் தடை. கைப்பிடி வழுவழுப்புத் தோலாக இருக்கும் ஸ்வேட் பையைப் பார்த்து வாங்கினால் பிரச்சினையில் பாதி குறையும். ஏற்கெனவே எண்ணெய் பட்டிருந்தால் கார்ன்ஃப்ளோர் மாவைத் தூவி ஒரு இரவு விட்டு பிரஷ் போடுங்கள். புதுக் கறையாக இருந்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

எந்த ஸ்பிரேயானாலும் மறைவான இடத்தில் சோதித்துவிட்டு, மொட்டை மாடி போன்ற திறந்த இடத்தில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்லிதாக அடியுங்கள். ஸ்பிரேயின் நுண்துளிகளை மூடிய அறையில் சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கப்படலாம். காய்ந்தபின் இன்னொரு மெல்லிய பூச்சு. மறுநாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு நின்றால் சரி. சில வாரம் கழித்து அதே சொட்டு உடனே உள்ளே இறங்கினால் மறுபடி அடிக்க வேண்டிய நேரம்.