நிலா, கொக்கி ஆன கதை: மூன்றரை வருஷம் ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு இப்போது மூன்றரை வயசு. நாற்பத்தைந்து நாள் குட்டியாக வந்தபோது வைத்த பெயர் நிலா. ஐந்தாவது மாசத்தில் அதைக் கொக்கி என்று மாற்றினோம். குட்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், என்ன நடந்தது, எப்படி மாற்றினோம், இத்தனை நாள் கழித்து எதெல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். உடுமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு, நடுவில் வீடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் இங்கே பேயாட்டம் ஆடும். ஓலை சலசலக்கும் சத்தத்தில் பத்தடி தள்ளி நிற்கும் ஆளிடமே கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். தோப்பின் மேற்கு ஓரத்தில் தார் ரோடு. அடுக்குமாடி வீட்டில் வளர்ப்பவர்களுக்குக் கூப்பிடும் பெயர் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்களுக்கு அது அவசியம்.

நிலா என்பது மகள் வைத்த பெயர். குட்டியின் நெற்றியில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தது. கேட்டதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ரெண்டே அசை, கடைசியில் ஆகாரம், வாய் திறந்து நீட்டிக் கூப்பிட வாகான பெயர். வீட்டுக்குள் எந்தக் குறையும் இல்லை. ஒரே வாரத்தில் பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

முதல் சிக்கல் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே அண்ணன் குடும்பம். அண்ணி பெயர் கலா. அம்மா வாசலில் நின்று “கலா... ஏ கலா” என்று கூப்பிடும்போதெல்லாம் குட்டி எழுந்து நின்று காதைத் தூக்கும், சில சமயம் ஓடியும் போகும். போனால் அங்கே யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், ஏமாந்து திரும்பி வரும். இப்படி நாலு தடவை ஏமாந்தால், அந்தச் சத்தம் கேட்டால் போகத் தேவையில்லை என்று நாய் கற்றுக்கொள்ளும். பிறகு நாம் உண்மையாகவே கூப்பிட்டாலும் அரை மனசாகத்தான் திரும்பும். எங்களுக்கு அப்படியேதான் ஆனது.

இரண்டாவதுதான் பெயரை மாற்ற வைத்தது. ஒரு சாயங்காலம் நான் கேட்டைத் திறந்ததும் குட்டி நழுவி ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. வடக்கிலிருந்து பால் வண்டி வேகமாக வந்துகொண்டிருந்தது. அங்கேயே நிற்கட்டும் என்று “நில்லு!” என்று கத்தினேன். நில்லு என்றால் நிற்க வேண்டும் என்று இரண்டு வாரமாகப் பழக்கியிருந்தோம். ஆனால் அது என்னைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டு நேராக ரோட்டுக்குள் ஓடி வந்தது. டிரைவர் பிரேக் அடித்து, வண்டி ஒரு முழ தூரத்தில் நின்றது. குட்டி என் காலடியில் வந்து உட்கார்ந்து, கூப்பிட்டதற்கு வந்துவிட்டேன் என்பதுபோல என் முகத்தைப் பார்த்தது. அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. நில்லு என்று நான் கத்தியது அதற்கு நிலா என்று கேட்டிருக்கிறது. “நி” என்று தொடங்கி, லகரம் வந்து, ஓர் உயிரில் முடிகிற சத்தம் இரண்டுக்கும் பொது. பதற்றத்தில் கத்தும்போது கடைசி எழுத்து எப்படிப் போய் விழுந்ததோ.

இதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 2020-இல் ஹங்கேரியில், புடாபெஸ்ட்டின் ஏத்வேஷ் லோராந்து பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். வீட்டு நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி, அவற்றுக்குத் தெரிந்த சொற்களையும், அவற்றில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிய பொய்ச் சொற்களையும், முற்றிலும் வேறான பொய்ச் சொற்களையும் ஒலிக்கவிட்டிருக்கிறார்கள். முற்றிலும் வேறான சொல்லை மூளை பிரித்துக் காட்டியது. ஓர் ஒலி மட்டும் மாறிய சொல்லுக்கும் தெரிந்த சொல்லுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நாய்க்குக் காது மந்தம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, நமக்குக் கேட்காத உச்சக் கீச்சுச் சத்தம்கூட அதற்குக் கேட்கும். ஒரு சொல்லின் நுணுக்கமான எழுத்து மாற்றங்களைப் பொருட்படுத்துவதில்லை, அவ்வளவுதான். அதனால் குட்டியிடம் சொல்லப்போகிற கட்டளைகளை முதலில் எழுதிக்கொண்டு, பெயரை அவற்றோடு வைத்துப் பார்ப்பது ரொம்ப முக்கியம். எங்கள் வீட்டில் வா, போ, நில்லு, உக்காரு, படு, விடு, வேண்டாம். இந்தப் பட்டியல் இருக்கும் வீட்டில் நிலா ஆகாது, போலோ ஆகாது, வாசு ஆகாது. வீட்டு ஆட்களை எந்தச் செல்லப்பெயரில் கூப்பிடுகிறோமோ அதையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

புதுப் பெயருக்கு மூன்று யோசனைகள் வந்தன. அம்மா சொன்னது முத்து. தோப்பில் கூப்பிட்டுப் பார்த்தோம். குற்றியலுகரத்தில் முடிகிற பெயர், அந்தக் கடைசி உகரம் பாதிதான் ஒலிக்கும். தூரத்தில் “முத்” வரைக்கும் கேட்டு மீதி காற்றோடு போய்விடுகிறது. நீட்டி “முத்தூ” என்றால் வாய் குவிந்து சத்தம் உள்ளுக்குள்ளேயே நிற்கிறது. பட்டு, சிட்டு, லட்டு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நான் சொன்னது காரி, கறுப்பு நிறத்துக்குப் பொருத்தம். ககரத்தில் அழுத்தமாகத் தொடங்கும், நெடில் உண்டு, எனக்கு இன்றும் பிடித்த பெயர். ஆனால் தினமும் நாலு தடவையாவது “கார எடு”, “கார நிழல்ல விடு” என்று பேசுகிற வீடு இது. மகள்தான் வால் சுருண்டிருப்பதைப் பார்த்துக் கொக்கி என்றாள்.

தமிழில் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. தொல்காப்பியம் விளிமரபில், தூரத்திலிருந்து கூப்பிடும்போது பெயர்கள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து நீண்டு ஒலிக்கும் என்றே சொல்கிறது. பக்கத்தில் இருந்தால் கொக்கி, எட்டத்தில் இருந்தால் கொக்கீஇஇ. உயிரெழுத்தில் முடிகிற பெயருக்குத்தான் இப்படி நீட்ட இடம் இருக்கும். டைகர், ஜான் போன்றவற்றை நீட்ட ஆள் ஆளுக்கு ஏதாவது ஒட்டிக்கொள்வார்கள்: ஒருவர் டைகரே, இன்னொருவர் டைகரூ.

நெஞ்சிலிருந்து சத்தமாக வருவது ஆகாரம்தான். ஈகாரம் அதைவிடச் சன்னம், ஆனால் கூர்மை. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் அடிக்குரலில் ஹோவென்று இருப்பதால், மேலே எழும் ஈகாரம் தனியாகத் தெரிகிறது என்பது என் அனுபவம். நடுவில் இருக்கும் “க்க” இன்னொரு வசதி. அங்கே நாக்கு ஒரு கணம் அடைத்துத் திறப்பதால் சத்தம் வெட்டுப்பட்டு, கொ, கீ என்று இரண்டு தட்டாகப் போய்ச் சேர்கிறது. நிலாவில் நகரமும் லகரமும் உயிரோடு வழுக்கிக்கொண்டு போவதால் காற்றுக்குள் கரைந்து, கடைசி ஆகாரம் மட்டும் மிஞ்சும்.

சோதனை செய்த விதத்தைச் சொல்கிறேன், யாரும் செய்து பார்க்கலாம். எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் இருபத்தைந்தடி. மனைவி குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார, நான் மரங்களை எண்ணிக்கொண்டே தள்ளிப் போய், குட்டிக்கு என் முகம் தெரியாமல் நின்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். காது அசைந்ததா, தலை திரும்பியதா என்று மனைவி கை காட்டுவாள். காற்றில்லாத காலையில் நிலாவும் பன்னிரண்டு மரம் வரை எட்டியது. ஆடிக் காற்றை எதிர்த்துக் கூப்பிட்டபோது நாலு மரத்திலேயே நின்றுபோனது. கொக்கி பழகிய பிறகு அதே எதிர்காற்றில் ஏழு மரம் வரை திரும்பினாள். காற்று நம் பக்கமிருந்து நாய் பக்கம் வீசினால் எந்தப் பெயரும் வெகுதூரம் போகும். அதனால் எதிர்காற்றில் சோதிக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பெயரை மாற்ற எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. முதல் நாலு நாள் புதுப் பெயரை முதலில் சொல்லி, ஒரு மூச்சு விட்டுப் பழைய பெயர்: “கொக்கி... நிலா.” திரும்பியதும் வேகவைத்த ஈரல் துணுக்கு ஒன்று. கொக்கி என்று கேட்டால் அடுத்து நிலா வரும், தீனி வரும் என்று அதற்குப் பிடிபட்டுவிடும். வரிசையை மாற்றினால் வேலைக்காகாது, பழைய பெயருக்கே திரும்பிவிடுவதால் பின்னால் வருவது காதில் ஏறாது. ஐந்தாம் நாள் கொக்கி என்றதுமே தலை திரும்பியது, அன்றோடு நிலாவை நிறுத்திவிட்டோம். ஒரு வேளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் கூப்பிடவில்லை. முதலில் ஒரே அறையில், பிறகு அடுத்த அறையிலிருந்து, பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து, கடைசியாகத் தோப்பில். திட்டும்போது பெயரைச் சொல்லக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் கடைப்பிடித்தோம். தோட்டத்தில் வேலை செய்யும் அண்ணனுக்கு மட்டும் இது பழக ஒரு மாசம் ஆனது.

நீட்டிக் கூப்பிடுவதில் ஒரு தப்பு செய்தேன். கொக்கீஈஈ என்று நீட்டிக் கடைசியில் குரலை இறக்கினால் அவள் நின்றுவிடுகிறாள், சில சமயம் உட்கார்ந்தும் விடுகிறாள். மாட்டை “ஹோ...ஓ” என்று நிறுத்துகிற மாதிரி, நீண்டு இறங்கும் குரல் விலங்குகளை ஆற்றும். துண்டு துண்டாக ஏறும் குரல்தான் ஓடி வர வைக்கும். இப்போது நீட்டும்போது கடைசியில் குரலை மேலே தூக்கி, உடனே “வா வா வா” என்று இரண்டு கைதட்டல். பெயர் அவளைத் திருப்புவதற்கு, கைதட்டல் கிளப்புவதற்கு.

மூன்றரை வருஷத்தில் ஒரு குறை சொல்ல வேண்டும். போன வருஷம் கிழக்குத் தோட்டத்து மாமா ஒரு நாயைக் கொண்டுவந்து ராக்கி என்று பெயர் வைத்தார். “க்கி”யில் முடியும், ரெண்டு அசை, அதே தாளம். முதல் வாரமே இவள் வேலிக்கு ஓட ஆரம்பித்துவிட்டாள். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். “ஏனுங் தம்பி, எங்க ராக்கியும் உங்கூட்டுப் பக்கமே பாக்குது, நானும் என்னடான்னு இருந்தேன்” என்றார். அந்த நாய்க்கு அப்போது ஒரு வயசு, பெயர் மாற்ற அவருக்கு மனசில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இப்போது அவர் விசில் ஊதிக் கூப்பிடுகிறார். அவர் மறந்து வாயால் கூப்பிட்டுவிடும் நாட்களில், இவள் வேலி வரை போய் நின்று, என் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். நான் “கொக்கி” என்று மெதுவாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுகிறாள்.