உச்சவரம்பா, ஏறும் ஸ்லாபா, திரும்பப் பிடிப்பதா: மூன்று வகைக் கமிஷனையும் போட்டுப் பார்த்த பிறகு

கொழிஞ்சாம்பாறையில் மோட்டார், பைப், சொட்டுநீர்ச் சாமான் விற்கும் கடை எங்களுடையது. வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கமும் இருக்கும் தென்னந்தோப்புகளுக்குப் போய் ஆர்டர் பிடிக்க மூன்று பேர் வைத்திருக்கிறோம். மூவருக்கும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய். அதற்கு மேல் கமிஷன். இந்தக் கமிஷன் கணக்கை இரண்டரை வருடத்தில் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மூன்று பேர் நடந்துகொண்ட விதமே மாறியது. அதனால்தான் இந்த ஒப்பீடு.

முதலில் இருந்தது எளிய கணக்கு. பில் போட்ட தொகைக்கு 2 சதவீதம், ஆனால் மாதத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. அதாவது ஏழரை லட்சம் விற்றதோடு கமிஷன் நின்றுவிடும். உச்சவரம்பு வைப்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆழியாற்றுத் தண்ணீர் எங்கள் பக்கத்து மூலத்தறைத் தடுப்பணைக்கு வந்து சேரத் தாமதமானால், அந்த மாதம் போர்வெல் மோட்டார் தானாகவே விற்கும். விற்பனையாளர் கூடுதலாக ஒன்றும் செய்திருக்க மாட்டார். வறட்சி கொண்டுவந்த விற்பனைக்கு எதற்குக் கூடுதல் கமிஷன் என்று முதலாளிக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் நடந்தது வேறு. ஒரு ஏப்ரலில் எங்கள் மூத்த விற்பனையாளர் 18ஆம் தேதிக்குள் ஏழரை லட்சத்தைத் தொட்டுவிட்டார். அதற்குப் பிறகு மாதம் முடியும்வரை அவர் பெயரில் ஒரே ஒரு பில். மே 1 முதல் 3ஆம் தேதிக்குள் ஐந்து பில். கொட்டேஷன் தேதியையும் பில் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்குக்கு ஏப்ரல் 20ஐ ஒட்டியே கொட்டேஷன் போயிருந்தது. உங்கள் கடையில் இப்படி நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு சோதனை போதும். இரண்டு தேதிக்கும் நடுவில் உள்ள நாட்கள் மாதக் கடைசியில் மட்டும் நீண்டால், யாரோ ஆர்டரைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று அர்த்தம். அவரைக் குறை சொல்ல முடியாது. காத்திருக்கச் சொன்னது எங்கள் கணக்குதான். மோட்டார் எரிந்துபோன தோட்டக்காரர்தான் காத்திருக்க மாட்டார். அந்த மாதம் இரண்டு பேர் பொள்ளாச்சிக்குப் போய் வாங்கிக்கொண்டார்கள்.

பெரிய அளவிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். கான்டாக்ட் லென்ஸ் விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தில் மிஸ்ரா, நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னபடி டார்கெட்டையும் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். வருமானம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடியது. 2011இல் வந்த ஆய்வு அது. எங்கள் கடையில் உச்சவரம்பை மட்டும் எடுத்தோம்.

அப்புறம் வந்தது ஆக்சிலரேட்டர், அதாவது விற்பனை கூடக் கூட விகிதமும் ஏறும் ஸ்லாப். மாதம் ஐந்து லட்சம்வரை 2 சதவீதம், ஐந்திலிருந்து எட்டு லட்சம்வரை 3, அதற்கு மேல் 4. இதில் முதல் இரண்டு மாதம் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல கடைகளில் இன்றும் இப்படித்தான் ஓடுகிறது. ஐந்து லட்சத்தைத் தொட்டால் முதல் ரூபாயிலிருந்தே 3 சதவீதம் என்று எழுதிவிட்டேன். 4,90,000 விற்றவருக்கு 9,800 ரூபாய். இன்னும் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றால் 15,000. பத்தாயிரம் ரூபாய் பைப்புக்கு 5,200 ரூபாய் கமிஷன்! மாதத்தின் 28ஆம் தேதிக்கு மேல் அவர்கள் தள்ளுபடி கேட்டு நச்சரித்ததும், இன்னும் கிணறே வெட்டாதவருக்குப் பைப் பில் போட்டதும் இதனால்தான். தாண்டிய தொகைக்கு மட்டுமே உயர்ந்த விகிதம் என்று மாற்றினேன். ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இப்போது 10,300தான். மாதக் கடைசி நச்சரிப்பு அதோடு குறைந்தது.

முழுக்க நிற்கவில்லை. மாதா மாதம் ஐந்து லட்சம் விற்றால் இரண்டு மாதத்துக்கு 20,000 கமிஷன். அதே பத்து லட்சத்தை ஒரு மாதம் ஒன்று, மறு மாதம் ஒன்பது என்று பிரித்தால் முதல் மாதம் 2,000, அடுத்த மாதம் 23,000, ஆக 25,000. ஒரு மோட்டார்கூட அதிகமாக விற்காமல் ஐயாயிரம் கூடுதல். ஆர்டரைத் தள்ளிப்போட இது போதுமான காரணம்.

இதையெல்லாம் சரிசெய்துவிடலாம். எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது மூன்றாவது, கிளாபேக். கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பது. முடிவை மாற்றியதும் அதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே தோட்டக்காரர்கள் யாரும் முழுக்காசு கொடுத்துச் சாமான் எடுப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு கொடுப்பார்கள், மீதி தேங்காய்க் காசு வரும்போது. பில்லுக்குக் கமிஷன் கொடுத்தால் வசூலாகாத விற்பனைக்கும் கொடுத்ததாகிவிடும். ஆகவே, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்கும் தொகைக்குக் கொடுத்த கமிஷனைச் சம்பளத்திலிருந்து பிடிப்போம் என்று விதி வைத்தேன். காகிதத்தில் நியாயமாகத்தான் இருந்தது.

ஒரு மார்ச்சில் வண்ணாமடைப் பக்கம் ஒரு தோப்புக்கு 1,80,000 ரூபாய்க்குச் சொட்டுநீர் போட்டோம். அந்த ஆர்டர் முழுவதும் 4 சதவீத ஸ்லாபில் விழுந்தது, கமிஷன் 7,200. ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்துவிட்டோம். தோட்டக்காரர் முதலில் 60,000 தந்தார், மே மாதம் 30,000 தந்தார், அதோடு சரி. ஜூலையில் பாதித் தொகை நிலுவை, ஆகவே பாதிக் கமிஷன் 3,600 பிடிக்க வேண்டும். ஜூலை மழைமாதம், மோட்டார் விற்காது. அந்த ஆர்டரைப் பிடித்த விற்பனையாளருக்கு அந்த மாதம் கமிஷனே 4,000தான். கையில் கிடைத்தது 400.

"அண்ணா, தோட்டக்காரரு காசு தரலைன்னா அதுக்கு நான் என்னங்க பண்றது? கடன் குடுக்கலாம்னு சொன்னது கடைதானுங்களே" என்றார். அவர் சொன்னது சரி. கடனுக்குச் சம்மதித்தது நான். ஏப்ரலில் கொடுத்த 7,200ஐ அவர் அப்போதே மகளின் பள்ளிச் செலவுக்குப் போட்டுவிட்டார். கொடுக்காமல் வைத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கடைக்குப் போனார். வேலையை விட்டவரிடம் மற்ற நிலுவைகளுக்கான கமிஷனை எங்கே போய்ப் பிடிப்பது? விட்டுவிட்டோம்.

அவர் போனதைவிடப் பெரிய விளைவு மற்ற இரண்டு பேரிடம் தெரிந்தது. கடனுக்கு வாங்கும் சிறு தோட்டக்காரர்களிடம் போவதையே நிறுத்திவிட்டார்கள். ரொக்கம் தருகிற ஒப்பந்தக்காரர்களையே சுற்றிவந்தார்கள். மூன்று ஏக்கர், நான்கு ஏக்கர் தோப்புகள்தான் எங்கள் கடைக்குச் சோறு போடுபவை. அந்தப் பெயர்கள் கொட்டேஷன் புத்தகத்தில் இரண்டு மாதம் வரவே இல்லை. கிளாபேக் வேலை செய்கிறதா என்று பார்க்கிறவர்கள் நிலுவை குறைந்ததை மட்டும் பார்க்கக்கூடாது, யாருக்குக் கொட்டேஷன் போகாமல் நின்றது என்றும் பார்க்க வேண்டும். நல்லதும் ஒன்று நடந்தது: 5 எச்பி போதுமான கிணற்றுக்கு 7.5 எச்பி மோட்டாரைத் தள்ளிவிடுவது நின்றது, ஏனென்றால் திரும்பி வந்தால் கமிஷனும் போகும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். எந்தெந்தக் காரணத்துக்கு ஊதியத்தில் பிடிக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நினைத்தபடி கை வைக்க முடியாது. விதியை எழுதும் முன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது நாங்கள் வைத்திருப்பது இது. அடிப்படை 2 சதவீதம் பில் போட்ட மாதமே உண்டு, அதை எக்காரணம் கொண்டும் நிலுவைக்காகப் பிடிப்பதில்லை. ஏறும் ஸ்லாபின் கூடுதல் பங்கு மட்டும் வசூலான காசுக்கு. அதையும் மாதக் கணக்காக இல்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிறோம்: காலாண்டில் 15 லட்சத்துக்கு மேல் வசூலான தொகைக்குக் கூடுதலாக 1 சதவீதம், 24 லட்சத்துக்கு மேல் 2 சதவீதம். காசு எந்தக் காலாண்டில் வருகிறதோ அந்தக் காலாண்டின் கணக்கில் சேரும்.

அதே வண்ணாமடை ஆர்டரை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பில் அன்றைக்கு 3,600 விற்பனையாளருக்கு உறுதி. தந்த இரண்டு தொகையும் மேல் ஸ்லாபில் விழுந்திருந்தால், வசூலான 90,000க்குக் கூடுதலாக 1,800. மீதி 90,000க்கு உரிய இன்னொரு 1,800 வசூலானால் வரும், இல்லையென்றால் வராது. அவர் கையிலிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை. வராத கடனுக்குக் கொடுத்த அடிப்படைக் கமிஷன் 1,800 எனக்கு நஷ்டம்தான். கடன் கொடுக்கலாம் என்று சொன்ன என் பங்கு அது.

ஆர்டரைத் தள்ளிப்போடுவதும் இதில் தானாகக் குறைந்தது. பில் தேதியை விற்பனையாளர் மாற்றலாம். தேங்காய் வியாபாரி தோட்டக்காரருக்குக் காசு தரும் தேதியை அவரால் மாற்ற முடியாது. சிறு தோட்டக்காரர்களின் பெயர்களும் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டன. கிளாபேக்கை முழுவதும் எடுத்துவிடவில்லை. சாமான் 60 நாளுக்குள் திரும்பி வந்தாலோ, ஆளே இல்லாத பில் என்று தெரிந்தாலோ கமிஷன் திரும்பும். அது விற்பனையாளரின் கையில் இருக்கும் விஷயம், அதனால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

குறையும் இருக்கிறது. காலாண்டின் கடைசி வாரம் மூன்று பேரும் வசூலுக்கே அலைகிறார்கள், புது ஆர்டர் வருவதில்லை. வேலையை விட்டுப் போனவர் போட்ட பில்லுக்கு வசூல் வந்தால் கூடுதல் பங்கு யாருக்கு என்பதில் இரண்டு முறை மனஸ்தாபம் வந்தது. வசூலித்தவருக்கே என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கு ஓடுவது ஒன்றேகால் வருடமாகத்தான், அதுவும் மூன்று பேரிடம். முப்பது பேர் இருக்கும் இடத்தில், அல்லது கடனே கொடுக்காத வியாபாரத்தில் இது எப்படிப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் வராமல் மோட்டார் தானாக விற்கும் அந்த மாதமும் இந்தக் கணக்கு வந்த பிறகு இன்னும் வரவில்லை. வந்தால் உச்சவரம்புக்குத் திரும்பாமல், அடுத்த காலாண்டின் 15 லட்சத்தைக் கொஞ்சம் உயர்த்துவதாக முன்கூட்டியே மூவரிடமும் சொல்லி, எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.