அவர் தரும் பெயர்களா, நாம் தேடும் பெயர்களா?

நிறுவனத்துக்கு நிதித் தலைவரை ரகசியமாகத் தேடும்போது, வேட்பாளரே தரும் பெயர்களிடம் அவரைப் பற்றி விசாரித்தால் விஷயம் கசியாது. ஆனால் பெரும்பாலும் பாராட்டுதான் வரும். நாமாகத் தேடும் பழைய சகாக்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்; ஆனால் தவறான ஆளுக்கு ஒரு போன் போனால் வேட்பாளருடைய இப்போதைய வேலையே ஆட்டம் காணும்.

உதாரணத்துக்கு, “வசூல் காலத்தை 90 நாளிலிருந்து 60 ஆக்கினேன்” என்கிறது அவருடைய ஸ்லைடு. அவர் சொன்ன முன்னாள் மேலாளர் ஆமோதிப்பார். அதே காலத்தில் வசூல் பார்த்தவரோ, பணம் தாமதமாக வந்துகொண்டிருந்த அரசு ஒப்பந்தப் பிரிவையே நிறுவனம் விற்றுவிட்டது என்பார். சராசரி தானாகவே இறங்கியிருக்கிறது!

என் ஓட்டு இரண்டாவதற்கே. அதுவும் கடைசிச் சுற்றில், அவர் சம்மதத்தோடு, அவருடைய நிறுவனத்தை விட்டு விலகியவர்களிடம் மட்டும். இப்போதைய முதலாளியிடம் பேசுவது அவர் ராஜினாமா கொடுத்த அப்புறம்தான்.