ஒரு வேலை, ஐந்து வரிகள்: கன்சல்டிங் ரெஸ்யூமேவில் எது நிற்கும்?

நண்பர் ஒருவர் ஒரு கிடங்கின் செயல்பாட்டுப் பிரிவில் மூன்று வருடம் இருந்தவர். கன்சல்டிங் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி ரெஸ்யூமேவை அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம். அவர் செய்ததிலேயே உருப்படியான வேலை, முதல் பக்கத்தின் அடியில் இப்படிப் பதுங்கியிருந்தது:

"ரிட்டர்ன் நிர்வாகத்துக்குப் பொறுப்பு, பல குழுக்களுடன் ஒருங்கிணைந்து செயல்முறை மேம்பாடு."

அப்படி என்னதான் செய்தீர்கள் என்று போனில் கேட்டேன். (எண்களைக் கொஞ்சம் மாற்றித் தருகிறேன்.) கிடங்கிலிருந்து மாதம் 20,000 ஆர்டர் போகிறது. அதில் 800, அதாவது 4%, தவறான பொருள் போய்விட்டதால் திரும்பி வருகிறது. பொருளை எடுத்துக் கொடுக்கிற ஆட்களின் கவனக்குறைவு என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் மூன்று மாத ரிட்டர்ன்கள் 2,400-ஐயும் காரணவாரியாகப் பிரித்துப் பார்த்தார். அதில் 1,320 ரிட்டர்ன்களுக்கு ஒரே காரணம்: பார்க்க ஒன்றுபோல இருக்கும் பெட்டிகள் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் இருந்தன. அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னார். நான்கு மாதத்தில் 800 என்பது 300 ஆனது.

கேட்கவே நன்றாக இருக்கிறது. இதில் ஒரு சொல்கூட ரெஸ்யூமேவில் இல்லை. இதை எத்தனை விதமாக எழுதலாம், எது எங்கே சறுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். உதாரணங்களைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கில ரெஸ்யூமேவில் வினைச்சொல் வரியின் தலைக்கு வந்துவிடும், மற்றபடி சங்கதி ஒன்றுதான்.

முதல் வகை, அவர் எழுதியிருந்ததுதான்: பொறுப்பைச் சொல்வது. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதே பதவியில் இருந்து எதுவுமே செய்யாதவரும் அதே வரியை எழுதிக்கொள்ளலாம். "பொறுப்பு", "ஒருங்கிணைந்து", "உதவினேன்" ஆகிய சொற்களை அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் ஒன்றும் இல்லையென்றால் அந்த வரிக்கு ரெஸ்யூமேவில் இடம் இல்லை.

இரண்டாவது, கதையாகச் சொல்வது. சூழல், பணி, செயல், விளைவு என்று நான்கு படியாகச் சொல்லும் ஸ்டார் முறையைப் பலர் அப்படியே ரெஸ்யூமேவில் இறக்கிவிடுகிறார்கள். நண்பரின் வேலைக்கு அது ஐந்து வரி எடுத்தது. படிக்கத் தெளிவாகவே இருந்தது. ஆனால் அது இன்டர்வியூவில் வாயால் சொல்வதற்கான வடிவம். காகிதத்தில் விளைவு ஐந்தாவது வரிக்குப் போய்விடுகிறது, அடுக்கைப் புரட்டுகிறவர் இரண்டாவது வரியிலேயே அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார். ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது கன்சல்டிங் ரெஸ்யூமேவின் எழுதாத விதி. ஒரு சாதனைக்கு ஐந்து வரி கொடுத்தால் மற்றவற்றுக்கு இடம் ஏது?

ஆக, ஒரு சாதனைக்கு ஒரு வரி. ஏ4 தாளில் இரு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டு, 10.5 அளவு எழுத்தில் அடித்தால், ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு இடைவெளியையும் சேர்த்து ஏறத்தாழ 100 எழுத்து கிடைக்கும். இந்த நெருக்கடியில்தான் விஷயமே இருக்கிறது. 100 எழுத்துக்குள் சொல்ல வேண்டுமென்றால், சிக்கல் எது, நான் கண்டுபிடித்தது எது, மாறியது எது என்று முதலில் நாம் முடிவு செய்தாக வேண்டும். ஒரு வரியில் அடங்க மறுக்கும் சாதனை பெரும்பாலும் இரண்டு சாதனைகளின் கலவையாக இருக்கும், இல்லையென்றால் எழுதுகிறவருக்கே இன்னும் தெளிவில்லை.

சரி, அந்த ஒரு வரியையும் ஒரே மாதிரி எழுத வேண்டியதில்லை. மூன்று போட்டியாளர்கள் இருக்கிறார்கள்.

முதலாவது, விளைவை மட்டும் சொல்வது:

"தவறான பொருளால் வரும் ரிட்டர்ன்களை 62% குறைத்தேன்."

குட்டையாக இருக்கிறது, கண்ணில் படுகிறது. ஆனால் எதிலிருந்து 62%? எட்டு ரிட்டர்ன் மூன்றாகக் குறைந்தாலும் அதே கணக்குதான். அதோடு, 4% என்பது 1.5% ஆனதை "2.5% குறைத்தேன்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது 2.5 சதவீதப் புள்ளிகள், குறைவு 62.5%. இந்தக் குழப்பத்தைக் கவனித்துவிட்ட வாசகர் மற்ற வரிகளின் எண்களையும் நம்ப மாட்டார். அடிப்படை எண்ணையும் முடிவு எண்ணையும் அப்படியே எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இரண்டாவது, கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைமை வகித்த லாஸ்லோ பாக் பரப்பிய சூத்திரம்: எதைச் சாதித்தேன், எதைக் கொண்டு அளந்தேன், எதைச் செய்து சாதித்தேன்.

"தவறான பொருளால் வரும் ரிட்டர்னை 4 மாதத்தில் மாதம் 800-லிருந்து 300 ஆக்கினேன், பெட்டிகளின் இடத்தை மாற்றி."

பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும். விளைவு முன்னால் இருக்கிறது, அளவும் வழியும் இருக்கின்றன. கன்சல்டிங்குக்கு மட்டும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. "பெட்டிகளின் இடத்தை மாற்றி" என்பது கையால் செய்த வேலை. அதை யாரோ சொல்லி இவர் செய்தாரா, இவரே கண்டுபிடித்தாரா என்று வரியில் தெரியவில்லை. அந்த நிறுவனங்கள் கேஸ் இன்டர்வியூவில் சோதிப்பது இதைத்தான்: குழப்பமான ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பாரா என்று.

மூன்றாவது, கண்டுபிடிப்பையும் உள்ளே வைப்பது:

"2,400 ரிட்டர்ன்களை வகைப்படுத்தி, 55% ஒத்த பெட்டிகளின் அருகாமையால் என்று கண்டு இடம் மாற்றியதில், ரிட்டர்ன் மாதம் 800-லிருந்து 300 ஆனது."

என் ஓட்டு இதற்குத்தான். விளைவு கடைசிக்குப் போவது உண்மையான இழப்பு, மறுக்கவில்லை. அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். ஒரு வரியில் ஒரே ஒரு இடம்தான் தடிக்க வேண்டும், இல்லையென்றால் பக்கம் முழுக்கக் கொப்புளம்போல ஆகிவிடும்.

இதை நண்பருக்கு அனுப்பிவிட்டுப் படுக்கப் போனேன். தூக்கம் வரவில்லை, ஏதோ இடித்தது. எழுந்து கணக்குப் போட்டேன். மாதம் 800-ல் 55% என்றால் 440. ஒத்த பெட்டிச் சிக்கல் அடியோடு தீர்ந்திருந்தாலும் 360 மிஞ்ச வேண்டும். 300 எப்படி வந்தது? வரியில் சொன்ன காரணம், வரியில் சொன்ன விளைவைத் தாங்கவில்லை. கன்சல்டிங்கில் இன்டர்வியூ எடுக்கிறவருக்கு இப்படிப் பெருக்கிப் பார்ப்பதுதான் அன்றாடத் தொழில். எதிரில் உட்கார வைத்து, "மிச்சம் 60 எங்கே போனது?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்.

காலையில் நண்பரைக் கேட்டால், "ஆமாம், அதே சமயத்தில் இன்னொரு குழு அனுப்புமுன் பார்கோடு ஸ்கேன் செய்யும் முறையைக் கொண்டுவந்தது" என்கிறார்! அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றால், "கேட்கவில்லையே." சரி. ரிட்டர்ன் பதிவேட்டில் காரணம் தனியாகக் குறித்திருந்ததால் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஒத்த பெட்டியால் வந்தவை மட்டும் 440-லிருந்து 60 ஆகியிருந்தன. மொத்தம் குறைந்த 500-ல் இது 380. மீதி 120 வேறு வகைப் பிழைகள், ஸ்கேன் குழுவின் கணக்கு. அந்த 380-லும் ஸ்கேனுக்குப் பங்கு உண்டா என்று கேட்கலாம். அவருடைய பதில் தயாராக இருந்தது: ஸ்கேன் வந்தது மூன்றாவது மாதம், ஒத்த பெட்டி ரிட்டர்ன் அதற்கு முன்பே 70-க்கு வந்துவிட்டது. கடைசி 10-ஐ யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம்.

இறுதி வரி இப்படி ஆனது:

"2,400 ரிட்டர்ன்களை வகைப்படுத்தி, முதன்மைக் காரணம் ஒத்த பெட்டிகளின் அருகாமை என்று கண்டு இடம் மாற்றினேன், அவ்வகை ரிட்டர்ன் மாதம் 440-லிருந்து 60."

800-லிருந்து 300 என்பதைவிட இது சின்ன எண்போலத் தெரியும். எத்தனை கேள்வி கேட்டாலும் இது நிற்கும், அது நிற்காது.

அடுத்தது கட்டமைப்பு. இங்கே போட்டி, பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரித்து நிறம், படம், "எக்செல் நான்கு நட்சத்திரம்" என்று அலங்கரித்த டெம்ப்ளேட்டுக்கும், ஒற்றைப் பத்திக் கறுப்பு வெள்ளைக்கும் இடையே. நட்சத்திரம் யார் கொடுத்தது என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும், பெரிய சிக்கல் வேறு. பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள். இரண்டு பத்தி இருந்தால் சில மென்பொருள்கள் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒட்டிப் படித்துவிடும். ஹெடர் பகுதியில் போட்ட மின்னஞ்சல் முகவரி காணாமலே போவதும் உண்டு. வீட்டிலேயே சோதிக்கலாம். பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். நிறுவனத்தின் பெயர், பதவி, தேதி, அதன் கீழ் வரிகள் என்று வரிசையாக வந்தால் சரி. தேதிகள் எல்லாம் ஒரு மூலையில் கும்பலாகக் கிடந்தால் டெம்ப்ளேட்டை மாற்றுங்கள். மென்பொருள் தடுமாறும் இடத்திலெல்லாம் மனிதரும் தடுமாறுவார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் நோட்பேடில் குழம்பியதைத் திருத்தினால் மனிதருக்கும் படிக்க எளிதாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திறமைவாரியாகப் பிரித்து எழுதும் வகையும் இருக்கிறது: "தலைமை", "பகுப்பாய்வு" என்று தலைப்பிட்டு, எந்த வேலையில் எப்போது செய்தது என்று சொல்லாமல் விடுவது. வேலை மாறுகிறவர்களுக்கும் இடைவெளி உள்ளவர்களுக்கும் இது ஆசை காட்டும். படிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது, எதை மறைக்கிறார் என்பதுதான். அண்மைய வேலை முதலில் வரும் கால வரிசையே போதும். வேலைக்கு நான்கைந்து வரி, அவற்றுள் கனமானது மேலே.

ஒரு வரி தோற்கும் இடங்களும் உண்டு. ஆராய்ச்சிப் பதவிகளுக்குக் கேட்பது வேறு ஆவணம், அதில் சுருக்கம் குறையாகத்தான் படும். எண்ணே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. நண்பரின் இன்னொரு வரி அப்படிப்பட்டது. புதிய கிடங்கு எடுக்கலாமா என்று ஆராய்ந்து, வேண்டாம் என்று சொன்னார், நிர்வாகம் கைவிட்டது. மிச்சமானதைக் கணக்கிட்டு ஒரு பெரிய தொகையைப் போடலாம் என்றார். நடக்காத செலவை யாரும் சரிபார்க்க முடியாது என்பதால் வேண்டாம் என்றேன். பதிலுக்கு எழுதியது: "இருக்கும் இடத்தில் 30% பயன்படாமல் கிடப்பதை அளந்து காட்டியதில், புதிய கிடங்குத் திட்டத்தை நிர்வாகம் கைவிட்டது." விளைவாக எண்ணுக்குப் பதில் ஒரு முடிவு. அளந்த எண் அவருடையது, முடிவு நிர்வாகத்துடையது, இரண்டும் வரியிலேயே பிரிந்து தெரிகின்றன.