பாதி வருடத்தில் ஆட்-ஆன்: கேட்டுப் பார்ப்பதா, பாலிசியை மாற்றுவதா, ரினீவல் வரை இருப்பதா?

போன ஆகஸ்ட் கடைசியில் மச்சான் போன் செய்தார். பள்ளிக்கரணையில் வீடு. ஜூனில் கார் பாலிசியை ரினீவல் செய்தபோது மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஜீரோ டெப்பையும் இன்ஜின் புரொடெக்டையும் நீக்கிவிட்டாராம். இரண்டும் சாதாரண பாலிசியோடு கூடுதல் காசு கட்டி வாங்கும் ஆட்-ஆன்கள். ஜீரோ டெப் இருந்தால் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளைம் தருவார்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் செலவைத் தருவது இன்ஜின் புரொடெக்ட். அக்டோபர் நெருங்க நெருங்க 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம் ஞாபகம் வந்துவிட்டது. "மாப்ள, இப்ப காசு கட்டினா சேர்த்துக்க மாட்டாங்களா?" என்றார்.

கஸ்டமர் கேரில் அவருக்குக் கிடைத்த பதில்: "சார், ஆட்-ஆன் எல்லாம் ரினீவல்லதான் போட முடியும்." இந்தியாவில் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்வதும் இதுதான். ஆனால் விஷயம் அங்கே முடிவதில்லை. அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதல் வழி, இருக்கிற பாலிசியிலேயே எண்டார்ஸ்மெண்ட் கேட்பது. பாலிசியில் நடுவில் எழுதித் தரும் திருத்தத்துக்குத்தான் அந்தப் பெயர். நடுவில் எதையுமே சேர்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். சிஎன்ஜி கிட் மாட்டினால் சேர்ப்பார்கள். ஆர்சியில் ஆர்டிஓ பதிவு மட்டும் இருக்க வேண்டும். பழைய டாரிஃப் கணக்கில் கிட் விலையில் 4 சதவீதமும், மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பக்கம் 60 ரூபாயும் வருடத்துக்கான பிரீமியம். மீதி நாட்களுக்கு ஏற்ற பங்கைக் கட்டினால் போதும். மியூசிக் சிஸ்டம் மாதிரியான மின்சாதனங்களுக்கும், சம்பளத்துக்கு டிரைவர் வைத்தால் அவருக்கான பொறுப்புக் காப்பீட்டுக்கும் இதே பாதைதான்.

அப்படியானால் ஜீரோ டெப்புக்கு மட்டும் ஏன் கதவு மூடியிருக்கிறது? சிஎன்ஜி கிட் மாட்டினால் வண்டியே மாறுகிறது, அதற்கேற்ப பாலிசியும் மாறுகிறது. ஜீரோ டெப் கேட்கும்போது வண்டி அதே வண்டிதான். மாறியது நம் மனசு. மனசு எப்போது மாறும் என்று நிறுவனத்துக்கு நன்றாகவே தெரியும். பம்பர் நசுங்கின மறுநாளும், வானிலை எச்சரிக்கை வந்த சாயங்காலமும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றன, ஞாபகம் இருக்கும். அன்று ராத்திரி போனிலேயே இன்ஜின் புரொடெக்ட் கிடைக்கும் என்றால் அத்தனை பேரும் வாங்கியிருப்பார்கள். மழை நின்றதும் ஒருவரும் வாங்க மாட்டார்கள். வருடம் முழுக்கப் பல பேர் கட்டுவார்கள், சில பேருக்கு மட்டும் செலவாகும் என்று போட்ட விலை அப்போது கட்டுப்படியாகாது. அதனால்தான் பல ஆட்-ஆன்களின் விதிமுறைத் தாளிலேயே, பாலிசி தொடங்கும்போதோ ரினீவலின்போதோ மட்டும் என்று எழுதிவிடுகிறார்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ப பிரீமியம் கட்டும் திட்டங்களை 2022-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதித்தது. அவற்றில் வாங்கிய கிலோமீட்டர் தீரும் முன்னால் டாப்-அப் செய்துகொள்ள நிறுவனங்கள் இடம் தருகின்றன. இன்னொன்று, பலர் தவறவிடுவது. ரினீவல் பணத்தை இரண்டு மூன்று வாரம் முன்னாடியே கட்டிவிடுகிறோம் இல்லையா? புது பாலிசியின் தொடக்கத் தேதி வரும் முன்னால் கூப்பிட்டால், அதை ரத்து செய்து ஆட்-ஆனோடு மறுபடி போட்டுத் தருவது எளிது. தேதி தொடங்கிவிட்டால் அது வேறு கதை.

எப்படியும் போனில் கேட்பதோடு விடாமல் ஒரு மெயில் போடுங்கள். மச்சானுக்கு இரண்டு நாளில் மறுப்பு எழுத்தில் வந்தது. சரி, முதல் வழி அடைபட்டது.

இரண்டாவது வழி, இந்த பாலிசியை ரத்து செய்துவிட்டு ஆட்-ஆனோடு புதிதாக எடுப்பது. முன்பெல்லாம் இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பழைய குறுகிய காலக் கணக்கில், மூன்று மாதம் ஓட்டிவிட்டு ரத்து செய்தால் 40 சதவீத பிரீமியத்தை எடுத்துக்கொள்வார்கள். எட்டு மாதம் தாண்டினால் கையில் ஒன்றுமே வராது. 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கை இதை மாற்றியது. தனிநபர் பாலிசிதாரர் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். ஒரு வருட பாலிசியில் அந்த வருடம் கிளைம் எதுவும் இல்லை என்றால் மீதி நாட்களுக்கு உரிய பணத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். கிளைம் வாங்கியிருந்தால் இந்த வழியை மறந்துவிடலாம். பணமும் வராது, கிளைம் இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் போய்விடும்.

மச்சான் கார் 2024 ஜூனில் வாங்கியது. புதுக் கார் என்பதால் தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்கு, 2027 ஜூன் வரை, ஏற்கனவே இருக்கிறது. ஜூனில் அவர் எடுத்தது தன் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் மட்டும். அதனால் ரத்து செய்யும்போது தேர்ட் பார்ட்டியைத் தொடவே வேண்டியதில்லை. இரண்டும் ஒரே பாலிசியில் இருந்தால், வேறு இடத்தில் இன்சூரன்ஸ் எடுத்ததற்கு ஆதாரம் காட்டாமல் ரத்து செய்ய மாட்டார்கள்.

இனி கணக்கு. போனஸுக்கு முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000. முதல் வருடம் கிளைம் இல்லாததால் 20 சதவீதம் போக 6,400. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 7,552. ஜூன் 10-ல் தொடங்கிய பாலிசியை செப்டம்பர் 10 முதல் ரத்து செய்தால் 92 நாள் ஓடியிருக்கும், 273 நாள் மீதி. வரியோடு திரும்பி வர வேண்டியது சுமார் 5,648 ரூபாய். புது பாலிசியில் அதே 6,400, ஜீரோ டெப் 2,400, இன்ஜின் புரொடெக்ட் 800, வரியோடு மொத்தம் 11,328. கையிலிருந்து இறங்குவது 5,680 போல. பார்க்கப் பெரிதாகத் தெரியும். ஆனால் புது பாலிசி அடுத்த செப்டம்பர் வரை ஓடும். அந்தக் கூடுதல் 92 நாளின் மதிப்பைக் கழித்தால் மிஞ்சுவது 3,776. ஜூனில் எடுத்திருந்தாலும் ஒரு வருட ஆட்-ஆனுக்கு அதே தொகைதான்.

ஒளிந்திருக்கும் செலவு போனஸில் இருக்கிறது. அடுத்த படிக்கு ஏற முழுசாக 12 மாதம் கிளைம் இல்லாமல் ஓடியிருக்க வேண்டும். மூன்று மாத பாலிசியை ரத்து செய்தால் அந்த மூன்று மாதம் கணக்கில் வராது. மச்சானுக்கு 20 அப்படியே தொடரும். அது 25 சதவீதமாக உயர்வது ஜூனுக்குப் பதில் செப்டம்பரில். இப்போதைக்கு நஷ்டம் வரியோடு 118 ரூபாய்தான். ஆனால் 25, 35, 45, 50 என்று ஒவ்வொரு படியும் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்பதால் போகப் போக எழுநூறு ரூபாய் வரை ஆகும். ஒன்பதாவது மாதத்தில் இதைச் செய்தால் மூன்று மடங்கு. அதனால்தான் வருடக் கடைசியில் இந்த வழி எனக்குப் பிடிப்பதில்லை.

வரிசையும் முக்கியம். முதலில் ரத்து செய்துவிட்டு அப்புறம் புதுசு தேடக் கூடாது. முந்தைய பாலிசியில் ஜீரோ டெப் இல்லை என்றால் புது நிறுவனம் பெரும்பாலும் வண்டியைப் பார்க்கக் கேட்கும். பார்த்துவிட்டு மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. இன்ஸ்பெக்ஷன் முடிந்து, புது பாலிசியின் தொடக்கத் தேதி கையில் வந்த பிறகு, அதே தேதியில் பழையதை முடிக்கச் சொல்லி எழுத வேண்டும். போனஸ் கடிதத்தையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாத போனஸை இருக்கிறது என்று சொல்லி எடுத்தால் கிளைம் நேரத்தில் அது கழுத்தைப் பிடிக்கும்.

மூன்றாவது வழி சும்மா இருப்பது. வெயிலில் மட்டும் ஓடி, மூடிய ஷெட்டில் நிற்கிற வண்டி என்றால் இதுவே சரி. ஆனால் சும்மா இருப்பதற்கும் விலை உண்டு. ஒன்றேகால் வயசுக் கார் முன்பக்கம் இடித்தது என்று வையுங்கள். பிளாஸ்டிக் சாமானுக்குப் பாதி விலைதான் தருவார்கள். 6,000 ரூபாய் பம்பரில் 3,000 நம் தலையில், 9,000 ரூபாய் ஹெட்லைட்டில் 4,500. தகரத்துக்கு இந்த வயசில் 10 சதவீதக் கழிவு. 3,500 ரூபாய் ஃபெண்டரில் 350. பெயிண்ட் பில் 8,000 என்றால் அதில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதி, அதாவது 1,000. எந்த கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக 9,850 கைக்காசு. ஜீரோ டெப் இருந்தால் அந்தக் கடைசி 1,000 மட்டும். கண்ணாடிக்கு மட்டும் எந்த வயசிலும் தேய்மானம் இல்லை.

இன்ஜின் விஷயத்தில் காத்திருப்பது இன்னும் மோசம். வெள்ளம் சாதாரண பாலிசியிலேயே உண்டு. சீட், கார்பெட், வயரிங் எல்லாம் கிடைக்கும். ஆனால் நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, உள்ளே போன தண்ணீரால் கனெக்டிங் ராடு வளைந்தால், அது வெள்ளத்தால் வந்ததல்ல, நீங்கள் சாவி போட்டதால் வந்தது என்று சர்வேயர் எழுதுவார். பள்ளிக்கரணைக்காரர் என் மச்சான். வருகிற ஜூன் வரை இருங்கள் என்று அவரிடம் எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

இரண்டாவது வழியிலேயே போனார். செப்டம்பர் முதல் வாரம் மொட்டை வெயிலில் வண்டியைச் சுற்றிச் சுற்றி போனில் வீடியோ எடுத்து அனுப்பினார். நம்பர் பிளேட், சேஸிஸ் நம்பர், ஓடோமீட்டர், நான்கு மூலை எல்லாம் ஒரே வீடியோவில் வர வேண்டும் என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். பின் இடது கதவில் அவரே மறந்துபோயிருந்த ஒரு கீறலைக் கண்டுபிடித்து, ஏற்கனவே இருந்த சேதம் என்று குறித்துக்கொண்டார்கள். அந்தக் கதவுக்கு இனி அவர் தன் காசில்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். செப்டம்பர் 10 நள்ளிரவில் புது பாலிசி தொடங்கியது. பழைய நிறுவனத்திடமிருந்து பணம் வர இரண்டு மெயில் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது.